படம் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர்: கேள்வி பதில்

கோத்தகிரி மகளிர் குழுவிலிருந்து: எங்கள் தேயிலைத் தூள் பொட்டலத்தில் மலையும் இரண்டு இலை ஒரு மொட்டும் போட்டிருக்கிறோம். சந்தையில் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லையே, ஏன்?

பொட்டலங்கள் பெரும்பாலும் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் சரமாகத் தொங்குகின்றன. ஆகவே எழுத்துக் கூட்டத் தெரியாதவர் படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, அதற்கொரு பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டும். மலையும் கொழுந்தும் நீலகிரித் தூள் பலவற்றிலும் இருப்பதால், “மலைப் படம் போட்டது” என்றால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார். மொட்டு மங்கலாக அச்சானால் எஞ்சுவது இரட்டை இலை. நம் ஊரில் அது தேயிலையை நினைவூட்டாது! காட்டெருமை வரையலாம் என்றால், ஒருவர் எருமை என்பார், இன்னொருவர் மாடு என்பார். குடை, சாவி, மணி போல எல்லோர் வாயிலும் ஒரே சொல்லாக வருவதே வேண்டும்.

அச்சடிக்கும் முன் சில படங்களைப் பொட்டலத்தின் உண்மையான அளவில் கருப்பு வெள்ளையில் வரைந்து, வாங்க வருபவரிடம் ஒவ்வொன்றாகக் கணநேரம் காட்டி மறைத்துவிட்டு, “கடையில் இதை என்னவென்று கேட்பீர்கள்?” என்று விசாரியுங்கள். “இது என்ன படம்?” என்று கேட்டால் சரியான விடை எதுவென்று தயங்குவார்கள். உடன் வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

குன்னூர் அச்சகத்தார் ஒருவர்: படமே வேண்டாம், பளிச்சென்று ஒரு நிறம் போதும் என்பது என் அனுபவம்.

தொலைவிலிருந்து கண்ணை இழுப்பது நிறம்தான், அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்பும் பழுப்பும் நெருங்கிவிடும், வெயிலில் தொங்கும் சரம் வெளுத்தும் போகும். “சிவப்புப் பாக்கெட்” என்று கேட்பவருக்குப் போட்டியாளரின் சிவப்பைக் கொடுத்தாலும் அவரால் மறுக்க முடியாது. உருவக்கோடு தனியாகவே அடையாளம் காட்ட வேண்டும், நிறம் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

ஊட்டி கேரட் விவசாயி: நிறம் போதாது என்கிறீர்கள். நான் பூச்சிமருந்து டப்பாவில் பச்சை இருந்தால் ஆபத்தில்லை என்று வாங்குகிறேன், சரிதானே?

தவறு, ஐயா. டப்பாவில் அச்சிட்டிருக்கும் சாய்சதுரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை நச்சுத்தன்மை குறைந்துகொண்டே வருவதைக் காட்டுகிறது. பச்சை என்றால் நான்கில் குறைவானது என்றுதான் பொருள், நஞ்சே இல்லை என்பதல்ல. மண்டையோடு சிவப்பில் மட்டுமே இருப்பதால் மற்ற மூன்றையும் பாதுகாப்பானவை என்று எண்ணிவிடுகிறார்கள். பச்சைக்கும் கையுறை அணியுங்கள்.

மீண்டும் கோத்தகிரி: கடுப்பான தூளையும் இளந்தூளையும் பிரித்துக் காட்ட, இரண்டு கோப்பை, ஒரு கோப்பை என்று போடலாமா?

இரண்டு கோப்பையைக் கடுப்பு என்று கொள்வார்களா, இரண்டு பேருக்கான அளவு என்று கொள்வார்களா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. எழுத்து வாசிக்காத பலர் பணத்திலும் பேருந்திலும் பழகியதால் எண்களை நன்றாகவே வாசிப்பார்கள். குடை போல நீங்கள் தேர்ந்தெடுக்கும் படத்துக்குக் கீழே பெரிதாக 1, 2 என்று போட்ட மாதிரியையும் கோப்பைப் படத்தோடு சேர்த்துக் காட்டி, “எது கடுப்பு?” என்று கேட்டுப் பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.