மதுவும் கருத்தடை மாத்திரையும்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

மாத்திரை போடுகிற நாளில் குடித்தால் அது வேலை செய்யாமல் போய்விடுமா?

போகாது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரையைத்தான் சொல்கிறேன், ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்குக் கணக்கு வேறு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் போன்ற மருந்துகள் கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனைச் சீக்கிரமே கரைத்துவிடும். மது அப்படிச் செய்வதில்லை. குடித்த இரவில் சிக்கல் வருவது இரண்டே வழியில்: வாந்தி, மறதி.

இரவு 9 மணிக்கு மாத்திரை, 11 மணிக்கு வாந்தி. இப்போது?

இன்னொன்று போடுங்கள். போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மருந்து முழுதாக உடம்பில் சேர்ந்திருக்காது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வாந்தியில் மாத்திரை தெரிகிறதா என்றெல்லாம் தேட வேண்டாம், நேரத்தைப் பார்த்தால் போதும். இதே வாந்தி இரவு 1 மணிக்கு வந்திருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அப்படியே தூங்கிப்போய்க் காலையில்தான் நினைவு வந்ததா? அப்போதே போடுங்கள், ராத்திரி மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. கூடுதல் மாத்திரையை வேறு அட்டையிலிருந்து எடுத்தால் நாள் கணக்கு குழம்பாது.

வெள்ளி இரவு மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வாந்தி, மறுபடி போடவில்லை. சனிக்கிழமையும் மறந்துவிட்டேன். ஞாயிறு இரவு 9 மணிக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமையது போட்டும் போடாத கணக்குதான், ஆக இரண்டு தவறிவிட்டன. சனிக்கிழமை மாத்திரையை உடனே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமையதையும் சேர்த்தே போடலாம், வெள்ளிக்கிழமைக்கு ஈடாக எதுவும் வேண்டாம். அதன்பின் தொடர்ந்து 7 நாள் மாத்திரை போட்டு முடிக்கும்வரை ஆணுறை கட்டாயம்.

இது அட்டையின் எந்த வாரம் என்பதும் முக்கியம். ஹார்மோன் மாத்திரைகளில் 7-க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்றால், அவற்றை முடித்த கையோடு இடைவெளி விடாமல், வெற்று மாத்திரை இருந்தால் அதையும் விட்டுவிட்டு, அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். முதல் வாரம்தான் மோசம்: ஏற்கெனவே 7 நாள் ஹார்மோன் இல்லாமல் இருந்த சூலகம் விழித்துக்கொள்ளும் நேரம் அது. அந்த வாரத்தில் தவறி, கடந்த 5 நாளில் ஆணுறை இல்லாமல் உறவும் இருந்திருந்தால் அவசர கருத்தடை பற்றி மருத்துவரிடம் அன்றே கேளுங்கள், நாளாக நாளாக அதன் பலன் குறையும்.

மறுநாள் முழுக்க வாந்தி நிற்கவே இல்லை.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், சேராமல் போன ஒவ்வொரு நாளையும் தவறிய நாளாகவே எண்ணி, மேலே சொன்னதையே செய்யுங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்காத வாந்தி என்றால் முதல் கவலை மாத்திரை அல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றலாமா?

தாராளமாக. அடுத்த மாத்திரையை முன்கூட்டியே, அதாவது மறுநாள் ராத்திரிக்குப் பதில் மறுநாள் காலையிலேயே போட்டுவிட்டு அதே நேரத்தில் தொடருங்கள். இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டாததால் பாதுகாப்பு குறையாது, ராத்திரி குடித்து வாந்தி எடுத்தாலும் காலை மாத்திரை எப்போதோ சேர்ந்திருக்கும்.