நியூயார்க் வாடிக்கையாளருக்கு எப்போது மெயில் போடுவது?

கேள்வி: சென்னையில் இருந்து நியூயார்க் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். எந்த நாள், எந்த நேரம் நல்லது?

செவ்வாய் அல்லது புதன், அவருடைய காலை எட்டரை மணி. நம் திங்கள் காலை அங்கே ஞாயிறு இரவு. அப்போது போனால் வார இறுதியில் குவிந்த மெயில்களோடு மெயிலாகிவிடும்.

காலை எட்டரை என்பது கோடையில் நமக்கு மாலை 6 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளுவார்கள்; அப்புறம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை மாலை 7 மணி. பலர் தவறுவது இங்கேதான்.

ஜிமெயிலில் Schedule send கொடுக்கும்போது நம் ஊர் நேரத்தைத்தான் போட வேண்டும், அவருடையதை அல்ல. மாலை 6 மணிக்கு நீங்களே மேசையில் இருப்பீர்கள் என்றால் நேரடியாகவே அனுப்புங்கள். உடனே கேள்வி வந்தால் பதில் சொல்லலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் கோடையில் இரவு 9 மணி ஆகிவிடும், அதற்குத்தான் ஷெட்யூல் உண்மையில் தேவை.