250 வெள்ளி மிச்சம் காட்டும் அட்டவணை, 4,800 வெள்ளி பாக்கி காட்டும் கார்டு

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. மாதா மாதம் எல்லா பில்லையும் வைத்து எக்செலில் பட்ஜெட், உண்மைச் செலவு, வித்தியாசம் என்று அட்டவணை போடுகிறேன். போன மாதம் கடைசி வரியில் 250 வெள்ளி மிச்சம் என்று வந்தது. ஆனால் கையில் காசு இல்லை, கிரெடிட் கார்டு பாக்கி 4,800 ஆகிவிட்டது. தம்பி கடை போட 20,000 வெள்ளி பெர்சனல் லோன் என் பெயரில் எடுத்துத் தரச் சொல்கிறான், மாதம் 450 அவனே கட்டிவிடுவானாம். அட்டவணையில் மிச்சம் இருப்பதால் எடுக்கலாமா? ஜனவரி கணக்கையும் போன மாதக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். தம்பிக்குத் தனி வரி போட்டால் #DIV/0! என்று வருகிறது, அதனால் எடுத்துவிட்டேன். பில்லைப் படம் பிடித்தால் தானே பிரித்துக் கொடுக்கும் ஆப் ஒன்று இருக்கிறதாம், அது வாங்கினால் சரியாகுமா?

பதில்: லோன் எடுக்க வேண்டாம். காரணத்தை உங்கள் அட்டவணையிலிருந்தே காட்டுகிறேன்.

ஜனவரியில் நீங்கள் போட்ட பட்ஜெட்டில் மளிகைக்கு 1,100, மற்றவைக்கு 450, மின்சாரத்துக்கு 180. போன மாத அட்டவணையில் அதே பட்ஜெட் பத்தியில் 1,500, 750, 240 என்று இருக்கிறது. இந்த மூன்று எண்ணும் மாதம் முடிந்து, பில் எல்லாம் வந்த பிறகு மாறியவை, இல்லையா? செலவு எவ்வளவு ஆனதோ அதற்குப் பக்கத்தில் பட்ஜெட்டை ஏற்றி வைத்தால் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். மளிகையிலும் மற்றவையிலும் ஏற்றியது தம்பிக்காக. நீங்கள் எழுதிய குறிப்புகளிலேயே இருக்கிறது, மளிகை வரியில் "தம்பி 350 சேர்த்து", மற்றவை வரியில் "தம்பி 300 சேர்த்து". ஒரு மாதத்தில் 650 வெள்ளி தம்பிக்குப் போயிருக்கிறது, அட்டவணையில் அவன் பெயரில் ஒரு வரிகூடக் கிடையாது. உங்களைக் கெடுக்கும் பழக்கம் இந்த ஒன்றுதான். மின்சாரம் கூடியதும் மளிகை கூடியதும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்த #DIV/0! பெரிய விஷயமே இல்லை. சதவீதம் கணக்கிட வித்தியாசத்தைப் பட்ஜெட்டால் வகுக்கிறீர்கள். தம்பிக்குப் பட்ஜெட் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று எக்செல் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்காக வரியையே தூக்கிவிட்டால் பட்ஜெட்டே இல்லாமல் பணம் போகிற ஒரே இடம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வரியைத் திரும்பப் போடுங்கள். சதவீதக் கட்டத்தை மட்டும் காலியாக விடலாம்.

இன்னொரு தவறும் இருக்கிறது, இது பலருக்கும் நடப்பது. வரவுக்கும் செலவுக்கும் ஒரே சூத்திரத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட்டிருக்கிறீர்கள், பட்ஜெட்டில் இருந்து உண்மையைக் கழிப்பது. செலவுக்கு அது சரி, குறைவாகச் செலவழித்தால் கூட்டல் குறி வரும். வரவுக்கு அது தலைகீழாகும். ஓவர்டைம் 600 வரும் என்று போட்டீர்கள், வந்தது 310. இது 290 வெள்ளி நஷ்டம், ஆனால் உங்கள் அட்டவணை +290 என்று காட்டி அதை லாபத்தில் சேர்த்துவிட்டது. செலவுப் பக்கம் −40, வரவுப் பக்கம் +290. நீங்கள் சொல்லும் 250 வெள்ளி மிச்சம் இப்படி வந்ததுதான்.

B பட்ஜெட், C உண்மை, D வித்தியாசம், E சதவீதம், F குறிப்பு என்று வைத்துக்கொண்டு இப்படிப் போடுங்கள். முதல் வரி வரவு வரிகளுக்கு, இரண்டாவது செலவு வரிகளுக்கு, மூன்றாவது சதவீதத்துக்கு:

```
=C2-B2
=B8-C8
=IF(B8=0,"",D8/B8)
```

இனி எந்த வரியில் கழித்தல் குறி வந்தாலும் உங்களுக்குக் கெடுதல் என்று ஒரே அர்த்தம். ஜனவரி பட்ஜெட்டை அப்படியே வைத்து, தம்பி பணத்தைப் பிரித்தெடுத்து நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கடன், கார் தவணை, டியூஷன், காப்புறுதி, அம்மாவுக்குக் கொடுப்பது எல்லாம் பட்ஜெட்படியே போயிருப்பதால் ஒரே வரியாக்கிவிட்டேன்.

| விவரம் | பட்ஜெட் | உண்மை | வித்தியாசம் | குறிப்பு |
|---|---|---|---|---|
| இருவர் சம்பளம் | 5,800 | 5,800 | 0 | |
| ஓவர்டைம் | 600 | 310 | −290 | ஷிப்ட் குறைவு, தொடரலாம் |
| மாறாத செலவுகள் | 3,100 | 3,100 | 0 | |
| மின்சாரம் | 180 | 236 | −56 | 34 நாள் பில் 24, ஏர்கோன் 32 |
| தண்ணீர், இணையம், போன் | 250 | 254 | −4 | |
| மளிகை, சந்தை | 1,100 | 1,185 | −85 | அரிசி, எண்ணெய் இருப்பு, ஒருமுறை |
| பெட்ரோல், டோல் | 420 | 445 | −25 | கூடுதல் பயணம், ஒருமுறை |
| மற்றவை | 450 | 430 | +20 | |
| தம்பி | 0 | 650 | −650 | முடிவு தேதி இல்லை |
| மிச்சம் | 900 | −190 | −1,090 | |

வரவு 6,110, செலவு 6,300. 190 வெள்ளி துண்டு விழுந்திருக்கிறது, அது நேராகக் கார்டில் ஏறியிருக்கிறது. 900 மிச்சம் வர வேண்டிய வீட்டில் 190 பள்ளம் என்றால் மொத்த வித்தியாசம் 1,090. அதில் 650 தம்பி, 290 ஓவர்டைம், மீதி எல்லாம் சேர்த்தே 150தான்.

குறிப்புப் பத்தியில் "கூடிவிட்டது" என்று நாலு இடத்தில் எழுதியிருந்தீர்கள். கூடியதைப் பக்கத்து எண்ணே சொல்கிறதே. ஏன் கூடியது, அடுத்த மாதமும் கூடுமா, இந்த இரண்டும் இருந்தால் போதும், நாலைந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் எத்தனை நாளுக்கான கணக்கு என்று போட்டிருக்கும், நீங்கள் அனுப்பிய பில்லில் 34 நாள். 30 நாளுக்கு 180 என்றால் நாளுக்கு 6 வெள்ளி, 34 நாளுக்கு 204. அதனால் 56 வெள்ளியில் 24 வெறும் நாள் கணக்கு, அடுத்த பில்லில் தானாகச் சரியாகலாம். மீதி 32தான் நிஜமாகக் கூடியது, பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பகலிலும் ஏர்கோன் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டணக் கணக்கால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நம் வேலைக்கு இது போதும். இப்படிப் பிரித்து எழுதினால் பட்ஜெட்டை 240க்கு ஏற்றத் தேவையே இல்லை என்று தெரிந்திருக்கும்.

பட்ஜெட் தப்பு என்று உண்மையிலேயே தோன்றினால், அடுத்த மாதத்திலிருந்து மாற்றுங்கள். முடிந்த மாதத்தின் B பத்தியைத் தொடவே கூடாது, மாதம் ஒன்றாம் தேதி அந்தப் பத்தியைப் பூட்டிவிடுங்கள். கார்டில் வாங்கியதை வாங்கிய மாதத்திலேயே அந்தந்த வரியில் எழுதுங்கள். கார்டுக்குக் கட்டும் பணத்தைத் திரும்ப ஒரு செலவாக எழுதாதீர்கள், ஒரே மளிகை இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். கார்டு வட்டி மட்டும் தனிச் செலவு.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். தம்பிக்கு 350ஐ ஏடிஎம்மில் எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு ஏது பில்? எந்த ஆப்பும் அதைப் படம் பிடிக்க முடியாது. காசு கொடுத்து வாங்காதீர்கள், இருக்கிற எக்செல் போதும்.

சரி, இப்போது அந்த 450. தம்பிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், பட்ஜெட் மிச்சம் 900. ஓவர்டைமை 600 என்று நம்பக்கூடாது, 300 என்று போடுங்கள், மிச்சம் 600 ஆகிறது. கார் இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், வருடத்தில் இரண்டு தடவை வரும் தக்சிரான், வீட்டுக் காப்புறுதி இதெல்லாம் உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை. நீங்கள் அனுப்பிய ரசீதுகளைக் கூட்டினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2,400, மாதத்துக்கு 200. அதற்கும் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் கையில் நிற்பது 400. லோன் தவணை 450.

தம்பி இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் உங்களால் ஈடுகட்ட முடியாது, வங்கியும் அவனைத் தேடாது, உங்களைத்தான் தேடும். பாங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் தவணை தவறியது உங்கள் பெயரில் நிற்கும், நாளைக்கு வேறு கடனுக்குப் போனால் வங்கி பார்ப்பது அதைத்தான். மாதம் 450 என்பது 5 வருடத்துக்கு 7 சதவீதம் என்று போட்ட கணக்காகத் தெரிகிறது. அது ஃபிளாட் ரேட். 20,000க்கு 5 வருடத்தில் வட்டி 7,000, மொத்தம் 27,000ஐ 60ஆல் வகுத்தால் 450 வருகிறது. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி முழு 20,000க்கே போடப்படுவதால் உண்மை வட்டி சுமார் 12.5 சதவீதம்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். அவனுக்கு ஒரு வரி கொடுங்கள், 150 என்று வையுங்கள், கடை தொடங்கும் வரை 6 மாதத்துக்கு மட்டும். குறிப்பில் முடியும் மாதத்தை எழுதி அந்த அட்டவணையை அவனுக்கே காட்டுங்கள். அதற்கு மேல் கேட்டால் "பட்ஜெட்டில் இல்லை" என்று சொல்ல உங்களுக்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கும், வாய் வார்த்தையாக மறுப்பதைவிட இது சுலபம். கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மளிகைக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

அப்புறம் கார்டு. வருடம் 18 சதவீதம் என்றால் 4,800க்கு மாதம் 72 வெள்ளி வட்டி. தம்பிக்கு 150 கொடுக்கும் மாதங்களில் 250 கட்டுங்கள், பிறகு முழு 400ஐயும் கட்டுங்கள். புதிதாக எதுவும் ஏறாவிட்டால் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். ஓவர்டைம் 300க்கு மேல் வந்தால் அதுவும் கார்டுக்கே. இரண்டு மாதம் செய்து பார்த்தும் பாக்கி இறங்கவில்லை என்றால் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.யின் பினாங்கு கிளைக்குப் போங்கள், ஆலோசனை இலவசம். போகும்போது திருத்தாத இரண்டு மாத அட்டவணையையும் பில்களையும் எடுத்துச் செல்லுங்கள், அவர்களும் வரவு செலவைத்தான் முதலில் கேட்பார்கள்.