கழுத்து வீக்கமும் கை நடுக்கமும்: கார்பிமசோல் எழுதும் முன் மாணவர்கள் கேட்க வேண்டியது

“வேலூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர் நான். எடை குறைவு, கை நடுக்கம், கழுத்து வீக்கம் உள்ள இளம்பெண் கேஸை இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே ‘கிரேவ்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மீதி நேரத்தை எப்படி அமைப்பது?”

விவாதத்தை நோயின் பெயரில் முடிக்காதீர்கள், மருந்துச் சீட்டில் முடியுங்கள். “இவருக்கு இன்று கார்பிமசோல் எழுதலாமா?” என்ற ஒரே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடியிருப்பது ஒரு விஷயம், ஏன் கூடியது என்பது இன்னொரு விஷயம். மில் அளவுக்கு மீறி ஓடுகிறதா, அல்லது குடோன் சுவர் இடிந்து, சேர்த்து வைத்த சரக்கு வெளியே கொட்டுகிறதா? முதலாவது கிரேவ்ஸ், இரண்டாவது தைராய்டைட்டிஸ். கார்பிமசோல் உற்பத்தியைத்தான் நிறுத்தும். கொட்டிப்போன சரக்கின் மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை.

இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தாங்களே தேடிப் போக வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற கேஸ் வேண்டும். நான் வகுப்புக்காக அமைத்து வைத்திருப்பது இது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றும் பெண், வயது 24. ஐந்து வாரமாகக் கை நடுங்குகிறது, பீடிக்கு நூல் கட்ட வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டும் 51 கிலோ எடை 46 ஆகிவிட்டது, வளையல் கழன்று விழுகிறது. கழுத்து கொஞ்சம் வீங்கியிருப்பதைக் கிராம சுகாதார செவிலியர்தான் முதலில் கவனித்தார். இவ்வளவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேட்டால்தான் பதில், கேட்காததைச் சொல்லாதீர்கள். செவிலியர் அந்த வீட்டுக்கு ஏன் போனார் என்று யாராவது கேட்கிறார்களா பாருங்கள். வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. இந்தக் கேஸின் சாவியே அதுதான். பெரும்பாலும் அதைக் கேட்காமலே மாணவர்கள் பரிசோதனைக்குத் தாவிவிடுவார்கள். தாவட்டும், தடுக்காதீர்கள்.

வரலாறு கேட்பதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். கேள்விகளை நோயாளியிடம் கேட்கும் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். “வெயில் தாங்கலையாம்மா?” என்று வேலூரில் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? “மார்கழியில வீட்ல எல்லாரும் போர்த்திக்கிட்டுப் படுக்கும்போது உனக்கு மட்டும் ஃபேன் வேணுமா?” என்று கேட்டால் பதிலுக்கு மதிப்பு வரும். எடை குறைவு என்றதும் நம் ஊரில் காசநோயைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அதில் பசி சுருங்கும், மாலையில் காய்ச்சல் காயும். பசி கூடியும் எடை குறைந்தால் தைராய்டு, சர்க்கரை நோய், சத்து உறிஞ்சப்படாத குடல் என்று பட்டியல் சிறிதாகிவிடும். மாதவிலக்கைக் கேட்கும்போது “பால் குடுக்கிறேன், இன்னும் வரலை” என்பார். அப்போதாவது குழந்தை வெளியே வந்துவிடும். அதே இடத்தில் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனையையும் ஒரு மாணவர் கேட்க வேண்டும். மாதவிலக்கு வராத தாய் மறுபடி கருவுற்றிருக்கலாம். அப்படியானால் மருந்துத் தேர்வு முழுவதும் மாறும். நம் கேஸில் அது நெகட்டிவ்.

பரிசோதனையில் நாடித்துடிப்பு 108, சீராக இருக்கிறது. ரத்த அழுத்தம் 126/62. உள்ளங்கை சூடாக, ஈரமாக இருக்கிறது. வெறும் பதற்றத்தில் நடுங்கும் கை பெரும்பாலும் குளிர்ந்திருக்கும் என்பதை இங்கே சொல்லலாம். நீட்டிய விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தால் மெல்லிய நடுக்கம் தெரியும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது கண்ணிலும் கழுத்திலும்தான். “கண் அறிகுறி இருக்கு சார், அதனால கிரேவ்ஸ்” என்று ஒருவர் சொல்வார். எந்தக் கண் அறிகுறி என்று திருப்பிக் கேளுங்கள். மேல் இமை உயர்ந்து வெறித்த பார்வை, கீழே பார்க்கும்போது இமை பின்தங்குவது, இவை இரண்டும் எந்தக் காரணத்தால் ஹார்மோன் கூடினாலும் வரும். கண்விழியே முன்னுக்குத் தள்ளியிருப்பது, கண்ணைச் சுற்றி வீங்கியிருப்பது, இரட்டையாகத் தெரிவது ஆகியவைதான் கிரேவ்ஸைக் காட்டும். நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று நெற்றிக்கு மேலாகக் குனிந்து பார்த்தால் விழி தள்ளியிருப்பது தெரியும். நம் பெண்ணுக்கு இமை உயர்ந்திருக்கிறது, விழி தள்ளவில்லை.

கழுத்தில் வீக்கம் சிறியது, இரு பக்கமும் சமம், வலி இல்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னால் மேலே ஏறுகிறது. ஸ்டெதாஸ்கோப்பை மேல் முனையில் வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டால் இரைச்சல் இல்லை. இரைச்சல் இருந்தால் அது கழுத்துத் தமனியிலிருந்து வருகிறதா, சுரப்பியிலிருந்தே வருகிறதா என்று பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். சுரப்பியிலிருந்தே வரும் இரைச்சல் கிரேவ்ஸுக்கு வலுவான சாட்சி. அது இல்லை என்பதால் மட்டும் கிரேவ்ஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிஜ நோயாளியை வைத்து எடுப்பதானால் இரண்டு மாணவர்கள் தொட்டால் போதும். வகுப்பே வரிசையில் நின்று ஒரு பெண்ணின் கழுத்தை அமுக்குவது சரியல்ல.

அடுத்து ஆய்வக முடிவைக் கொடுங்கள். டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே, ஃப்ரீ டி4 2.7 நானோகிராம், அதாவது மேல் எல்லையான 1.8ஐத் தாண்டியிருக்கிறது. வகுப்பே “கிரேவ்ஸ், கார்பிமசோல்” என்று சொல்லும். கரும்பலகையில் இருக்கும் கேள்வியைக் காட்டி, இந்த இரண்டு எண்களில் எது கிரேவ்ஸ் என்று சொல்கிறது என்று கேளுங்கள். இரண்டுமே சொல்லவில்லை. மில் ஓடினாலும் சுவர் இடிந்தாலும் இதே முடிவுதான் வரும்.

பிரித்துக் காட்டுவது எது? முதலில், எத்தனை நாளாக இருக்கிறது என்பது. சுரப்பியில் சேர்த்து வைத்த ஹார்மோன் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. மூன்று மாதத்தைத் தாண்டியும் அறிகுறிகள் குறையாமல் நின்றால் கிரேவ்ஸ் பக்கம் சாயலாம். ஐந்து வாரம் என்றால் இரண்டுக்கும் இடமுண்டு. பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டைட்டிஸின் முதல் கட்டம் பொதுவாக ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும், இவர் அந்தக் காலத்தில் இருக்கிறார். அடுத்தது டி3க்கும் டி4க்கும் உள்ள விகிதம். இவருக்கு மொத்த டி3 210 நானோகிராம், மொத்த டி4 15 மைக்ரோகிராம். வகுத்தால் 14. கிரேவ்ஸில் சுரப்பி டி3யைக் கூடுதலாகத் தயாரிப்பதால் இது பெரும்பாலும் 20க்கு மேல் போகும். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் கூடுதல் செலவில்லாத நல்ல துப்பு.

ஸ்கேன் வேண்டும் என்று ஒருவர் சொல்வார். கதிரியக்க அயோடின் தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஆகாது. டெக்னீஷியம் ஸ்கேன் என்றாலும் சிறிது நேரம் பாலை நிறுத்தி, கறந்து கொட்ட வேண்டியிருக்கும். எனவே இவருக்கு முதலில் கேட்க வேண்டியது டி.எஸ்.எச். ரிசெப்டர் ஆன்டிபாடி. நம் கேஸில் நெகட்டிவ். அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லாத மருத்துவமனையில் என்ன செய்வீர்கள் என்று அவசியம் கேளுங்கள், இவர்களில் பலர் அப்படிப்பட்ட இடத்தில்தான் வேலை பார்க்கப் போகிறார்கள். நோயாளி நிலையாக இருந்தால் படபடப்புக்கு மட்டும் ப்ரோப்ரனலால் 20 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்து, நான்கு வாரம் கழித்து ஃப்ரீ டி4ஐ மறுபடி பார்க்கலாம். தானாக இறங்கினால் தைராய்டைட்டிஸ். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்காமல் அந்த மாத்திரையை எழுதக் கூடாது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இப்போது இந்த வகுப்பின் உயிரான பகுதிக்கு வருவோம். அன்றைக்கே கார்பிமசோல் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் வருகிறார். நடுக்கம் இல்லை, எடை ஏறியிருக்கிறது, ஃப்ரீ டி4 சரியாகிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் அதையே தொடர்வார். உண்மையில் குடோன் காலியாகிவிட்டதால்தான் அளவு இறங்கியது. தவறான மருந்து நல்ல பலன் கொடுத்ததுபோலத் தெரிவதால் இந்தத் தவறு வெளியே தெரிவதே இல்லை. இன்னும் எட்டு வாரத்தில் சோர்வு, முகவீக்கம், மலச்சிக்கல் என்று வருகிறார். டி.எஸ்.எச். 32, ஃப்ரீ டி4 0.5. இதை மருந்து கூடிப்போனதாக மட்டும் பார்ப்பவர் அளவைக் குறைப்பாரே தவிர, நோயை மறுபரிசீலனை செய்ய மாட்டார். கார்பிமசோல் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இந்தக் கட்டம் வந்திருக்கக்கூடும், அது தைராய்டைட்டிஸின் இயல்பான இரண்டாம் பகுதி. இந்த அளவுக்கு அறிகுறிகளோடு வந்தால் தைராக்ஸின் தர வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் கொடுத்துவிட்டுக் குறைத்துப் பார்க்கலாம். சிலருக்குக் குறைபாடு நிரந்தரமாக நின்றுவிடும், மீண்டவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இந்தச் சோர்வை வீட்டில் ‘புள்ளை பெத்த அசதி’ என்று தள்ளிவிடுவார்கள். அதனால் முதல் நாளே அந்தப் பெண்ணிடமும் மாமியாரிடமும் சொல்லி அனுப்புவது சிகிச்சையின் ஒரு பகுதி.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கேஸைத் திருப்பிப் போடுங்கள். இல்லையென்றால் “குழந்தை இருந்தால் தைராய்டைட்டிஸ்” என்ற புதுக் குறுக்குவழியோடு போய்விடுவார்கள். அதே பெண், அதே நடுக்கம். ஆனால் குழந்தைக்கு பத்து மாதம், அறிகுறிகள் நான்கு மாதமாக, சுரப்பியில் இரைச்சல், டி3 420, டி4 18, ஆன்டிபாடி பாசிட்டிவ். பிரசவத்துக்குப் பிந்தைய ஆண்டில் கிரேவ்ஸும் புதிதாகக் கிளம்பும். இவருக்கு கார்பிமசோல் 20 மில்லிகிராம் சரியான மருந்து. இந்த அளவில் பால் கொடுக்கலாம், பால் கொடுத்து முடித்ததும் மாத்திரை போடச் சொல்வது வழக்கம். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஃப்ரீ டி4, டி3 பார்த்து அளவை மாற்ற வேண்டும். டி.எஸ்.எச். பல மாதம் அமுங்கியே கிடக்கும், அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. சிகிச்சை 12 முதல் 18 மாதம். அதற்குள் கரு தரித்தால் முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறை உண்டாக்கலாம் என்பதால், கருத்தடை பற்றி இன்றே பேச வேண்டும்.

முடிவாக ஒவ்வொரு மாணவரும் இரண்டு கேஸுக்கும் மருந்துச் சீட்டு எழுதி, நோயாளியிடம் சொல்ல வேண்டியதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். கிரேவ்ஸ் சீட்டில் நான் ஒரு வாக்கியத்தைத் தேடுவேன்: “காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தா மாத்திரையை உடனே நிறுத்திடுங்க, அன்னைக்கே வந்து வெள்ளை அணு டெஸ்ட் எடுத்துக்கங்க.” வெள்ளை அணு சரிந்துபோவது அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் திடீரென்று வரும், முன்பு எடுத்த டெஸ்ட் சரியாக இருந்தது என்று நம்பி உட்கார முடியாது. அந்த வாக்கியம் இல்லாத சீட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.