1940-ல் பிறந்தவனுக்கு என்ன பெயர் வைப்பது?

"1968-ல் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். நாயகன் 28 வயது பள்ளி ஆசிரியர், அதிகம் பேசாதவன், பிடிவாதக்காரன். அவனுக்குக் கதிர் என்றும் தங்கைக்கு யாழினி என்றும் பெயர் வைத்தேன். படித்த நண்பர் ஒட்டவில்லை என்கிறார். எப்படித் தேர்ந்தெடுப்பது?"

முதலில் கதை நடக்கும் ஆண்டை மறந்துவிட்டுப் பிறந்த ஆண்டைப் பாருங்கள். உங்கள் நாயகன் பிறந்தது 1940. பெயர் வைத்தவர்கள் அவனுடைய அப்பாவும் தாத்தா பாட்டியும். அவர்கள் அண்ணாந்து பார்த்தது சங்கரன்கோவில் கோபுரத்தைத்தான். சங்கரநாராயணரும் கோமதியம்மனும் இருக்கிற ஊர் என்பதால் சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதிநாயகம், கோமதி போன்ற பெயர்கள் அந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும். குலதெய்வம் சுடலைமாடனாகவோ இசக்கியம்மனாகவோ பேச்சியம்மனாகவோ இருந்தால் சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து என்று வரும். யாழினி பல பத்தாண்டுகள் கழித்துப் பரவிய பெயர். உங்கள் நண்பருக்கு உறுத்தியது அதுதான்.

தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். அதனால் 1940-ல் பிறந்தவன் 1880-களின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பான். அவனுக்குக் கோமதிநாயகம் என்று வைப்போம். அது அவன் அம்மாவுக்கு மாமனார் பெயர். அந்தக் காலத்து மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். சொந்த மகனைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் 'பெரியவன்' என்றோ 'ஐயா' என்றோதான் அழைப்பாள். மனைவியும் பெயர் சொல்ல மாட்டாள். கூட்டாளிகளுக்கு அவன் 'நாயகம்', பிள்ளைகளுக்குச் 'சார்வாள்'. முழுப்பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் கிரயப் பத்திரத்திலும் மட்டும் இருக்கும். நாவலில் யார் வாயில் எந்தப் பெயர் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரே ஒரு இடத்தில் 'கோமதிநாயகம்' என்று சொல்லிவிட்டால், அந்த ஊர் வாசகருக்கு அங்கேயே கதை நின்றுவிடும்.

சரி, குணம்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளை பிடிவாதக்காரன் ஆவான் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது. குணத்துக்குப் பொருத்தமாக அர்த்தம் தேடிப் பெயர் வைத்தால், அதை வைத்தது தாத்தா இல்லை, எழுத்தாளர் என்று உடனே தெரிந்துவிடும். பெயரில் குணம் தெரிய இயல்பான வழி, அவனே தன் பெயரை மாற்றிக்கொள்வது. திராவிட இயக்க மேடைகளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து எத்தனையோ மாணவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் கோமதிநாயகமும் கல்லூரியில் 'கதிரவன்' ஆகியிருக்கலாம். தாத்தா பெயரைத் தூக்கிப் போட்டவன் என்று அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கு மட்டும் மனதுக்குள் நிம்மதி, இனி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமே. ஆனாலும் 'பெரியவன்' என்றுதான் வாயில் வரும். பேச்சு குறைந்த ஒருவனின் பிடிவாதத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஆசைப்பட்ட கதிரும் கையில் இருக்கிறது.

தங்கைக்குப் பிச்சம்மாள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்ததாவது பிழைக்கட்டும் என்று பிச்சை, குப்பை என்று வைப்பார்கள். அண்ணனுக்கும் அவளுக்கும் ஐந்தாறு வயது இடைவெளி விட்டு இந்தப் பெயரை வைத்தால் போதும், நடுவில் அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மற்ற பாத்திரங்களுக்கு அந்த வட்டாரத்தின் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். பெயர்ப் புத்தகங்களைவிட அது நம்பகமானது. ஒவ்வொரு பெயரோடும் வயதும், தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். 2002-ஐ ஒட்டிய பழைய பட்டியலில் 62 வயதுக்காரர் உங்கள் நாயகனின் வயதுக்காரர். பக்கத்தில் இருக்கும் தந்தை பெயர் அதற்கும் முந்தைய தலைமுறையுடையது. கோயில் சுவரில் 'உபயம்' என்று வெட்டிய கல், பழைய கல்யாணப் பத்திரிகை, கல்லறைத் தோட்டத்துக் கற்கள் எல்லாம் இதேபோல் உதவும். ஆனால் பெயரின் பின்னால் சாதியும் மதமும் இருக்கும். ஒரே ஊரில் ஒரு தெருவில் புழங்கும் பெயர் அடுத்த தெருவில் இருக்காது. அதை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

உண்மையான ஊரில் சங்கரலிங்கங்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். நாவலில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களையும் ஊரார் பிரிப்பதுபோல 'கீழத்தெரு சங்கரன்', 'மில்லு சங்கரன்' என்று பிரித்துவிடுங்கள். அப்புறம், பட்டியலில் இருக்கும் ஒருவரின் பெயரையும் தந்தை பெயரையும் அப்படியே சேர்த்து எடுக்காதீர்கள். மகன் பெயர் ஒரு வரியிலும் அப்பா பெயர் வேறொரு வரியிலும் இருந்து வரட்டும்.