மருத்துவர் பதில்: ‘1 வாரம்’ என்று எழுதிய மாத்திரை உறை

கேள்வி: நாங்கள் காரைக்குடிப் பக்கம். என் மாமியாருக்கு 71 வயது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. மாத்திரை வெள்ளிக்கிழமை இரவு ஒன்று. மற்ற ஆறு நாளும் காலையில் ஃபோலிக் அமிலம். போன மாதம் மருந்துக் கடை உறையில் ‘மெத்தோ 15 – 1 வாரம் – இரவு உ.பி.’ என்று எழுதியிருந்தது. அத்தை வெள்ளியும் சனியும் அடுத்தடுத்து போட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை நான் பார்த்துவிட்டேன். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து இப்போது நன்றாக இருக்கிறார்கள். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். இனி இப்படி நடக்காதபடி உறையில் நான் எப்படி எழுதி ஒட்டுவது?

பதில்: ஆச்சி தப்பாகப் படிக்கவில்லை, அம்மா. உறையில் இருந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ‘1 வாரம்’ என்றால் தமிழில் ஒரு வாரம் முழுக்க என்றுதான் பொருள். காய்ச்சலுக்கும் சளிக்கும் மாத்திரை வாங்கும்போது ‘5 நாள்’, ‘1 வாரம்’ என்று எழுதித் தருவதும் அதே பொருளில்தான். கடைக்காரர் மனத்தில் இருந்தது ‘வாரத்துக்கு ஒன்று’. அவசரத்தில் எண் முன்னால் வந்துவிட்டது. ‘வாரம் 1’ என்று மாற்றி எழுதியிருந்தாலும் எனக்கு நிம்மதி இராது. வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே முதல் வேலையாக ‘வாரம்’ என்ற சொல்லையே உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கிழமையின் பெயர் வரட்டும், முழுப் பெயராக.

எந்தக் கிழமை என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் பெரியவர்களுக்கு விரத நாள். பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் இரவில் பாலும் பழமும் எடுத்துக்கொண்டால், அது ‘சாப்பிட்ட பின்’ கணக்கில் சேருமா என்று அவர்களுக்கே குழப்பம் வரும். ஆங்கிலத்தில் எழுதும் கடைகளில் திங்கட்கிழமை வேறொரு சிக்கல். திங்களுக்கும் காலைக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றே. சுருக்கி எழுதினால் கிழமை, வேளையாகிவிடும். உங்கள் வீட்டில் ஆச்சி கட்டாயம் மறக்காத நாள் எது? சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளை ஞாயிறு இரவு போன் செய்கிற வீடென்றால், நான் ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மாற்றும்போது தள்ளிப்போட வேண்டுமே தவிர முன்னே இழுக்கக் கூடாது. வெள்ளி போட வேண்டியதை அந்த ஒரு தடவை ஞாயிறுக்குத் தள்ளி, பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு என்று போகலாம். இரண்டு நாள் தள்ளிப்போவதால் கெடுதல் இல்லை. இரண்டு நாள் முன்னதாக வந்தால் மருந்து உடம்பில் நெருங்கி விழும்.

அடுத்தது எச்சரிக்கை வரி. இதில் தமிழுக்கே உள்ள ஓர் ஆபத்து இருக்கிறது. நம் மொழியில் ‘கூடாது’, ‘வேண்டாம்’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசிச் சொல் மறைந்தால், தடுக்க எழுதியதே ‘செய்’ என்ற கட்டளையாகிவிடும். பல வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. அவருக்கும் இதே மாத்திரைதான். ஒன்பது நாள் விடாமல் போட்டிருந்தார். உறையை வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் அக்கறையாகத்தான் எழுதியிருந்தார்: ‘தினமும் சாப்பிடக்’ என்பது ஒரு வரி, ‘கூடாது’ அடுத்த வரி. உறையின் வாயை மடித்துப் பின் அடித்ததில் அந்த இரண்டாவது வரி மடிப்புக்குள் போய்விட்டது. பெரியவர் கண்ணில் பட்டது ‘தினமும் சாப்பிடக்’ மட்டும். வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. மதுரைக்கு அனுப்பி, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தார். அன்றிலிருந்து ‘தினமும்’ என்ற சொல்லை இந்த மருந்தின் உறையில் எதற்காகவும் நான் எழுதுவதில்லை, கூடாது என்று சொல்வதற்காகக் கூட. செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் ஆச்சிக்கு என்றால் இப்படி எழுதுவேன்:

மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு மாத்திரை
வலி கூடினாலும் அடுத்தது அடுத்த ஞாயிறுதான்
ஜூன் 7 ☐  ஜூன் 14 ☐  ஜூன் 21 ☐  ஜூன் 28 ☐

‘மட்டும்’ கிழமையோடு ஒரே வரியில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், பெரிய அட்டைக்குப் போங்கள். ‘உ.பி.’ என்ற சுருக்கம் வேண்டாம். உ.மு., உ.பி. இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மாதத்தைச் சொல்லால் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 7/6 என்றால் ஒருவர் ஜூன் என்பார், வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் ஜூலை என்பான். மாத்திரை போட்டதும் அந்தத் தேதிக்கான கட்டத்தில் ஆச்சியே ஒரு கோடு போடட்டும். கட்டத்தில் கோடு விழுந்திருந்தால், ‘போட்டேனா இல்லையா’ என்ற சந்தேகத்தில் இன்னொன்று போடுவது நடக்காது. நான்கு வாரத்துக்கு நான்கு மாத்திரை, அதற்கு மேல் வீட்டில் இருப்பு வைக்காதீர்கள்.

‘வலி கூடினாலும்’ என்ற வரியை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். மூட்டுவலிக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தால், வலிக்கிற அன்று இன்னொன்று போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இது வலி மாத்திரை இல்லை. மூட்டைத் தின்னும் எதிர்ப்புச் சக்தியை மெல்ல அடக்கும் மருந்து. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். கூடப் போட்டால் வலி குறையாது. எலும்பு மஜ்ஜைதான் அடிபடும்.

மில்லிகிராமில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்த மாத்திரை 2.5 மி.கி., 7.5, 10, 15 என்று பல அளவில் வருகிறது. 15 மி.கி. கிடைக்கவில்லை என்றால் கடையில் 2.5 மி.கி. மாத்திரை ஆறு தருவார்கள். மருந்தளவு அதேதான். ஆனால் அடுத்த மாதம் 10 மி.கி. அட்டை வந்து, ஆச்சி பழக்கத்தில் ஆறு எண்ணிப் போட்டால் 60 மி.கி. உள்ளே போகும். 2.5-இல் புள்ளி மங்கினால் அது 25. அதனால் ஒரே அளவு மாத்திரையையே வாங்குங்கள். மாற்றித் தந்தால் பழைய உறையில் போட்டுவைக்காமல் புதிதாக எழுதி ஒட்டுங்கள். அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் அளவும் தெரியும் பக்கம் உங்களுக்கு வருமாறு கேட்டு வாங்குங்கள்.

ஃபோலிக் அமிலத்தை மறந்துவிடாதீர்கள். சில கம்பெனித் தயாரிப்பில் இரண்டு மாத்திரையும் சிறிதாக, மஞ்சளாக, ஒரே சாயலில் இருக்கும். உங்கள் வீட்டில் அது ஆறு நாளைக்கு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் இடம் மாறினால் ஆச்சி மெத்தோட்ரெக்சேட்டை ஆறு நாள் போடுவார். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் காலை மாத்திரைகளோடு அடுப்படிப் பக்கம் இருக்கட்டும். அதன் மேல் ‘திங்கள் முதல் சனி வரை, காலையில் ஒன்று’ என்று எழுதுங்கள். மெத்தோட்ரெக்சேட் உங்கள் அலமாரியில் இருந்து ஞாயிறு இரவு மட்டும் வெளியே வரட்டும்.

எழுதி ஒட்டியதும் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘புரியுது’ என்றுதான் பதில் வரும். வளவில் பகல் வெளிச்சத்திலும் வேண்டாம். இரவில் அவர் மாத்திரை எடுக்கும் இடத்திலேயே, அந்த விளக்கிலேயே உறையைக் கையில் கொடுத்து, “இதை எப்போ, எத்தனை போடுவீக? எடுத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். பிறகு, “இன்னைக்குச் செவ்வாய், முட்டி ரொம்ப வலிக்குது. இதுல ஒண்ணு போடலாமா?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் தயங்கினாலும் குறை உறையில்தான் இருக்கிறது. நான்காவது வரியை இன்னும் பெரிதாக எழுதி மறுநாள் மறுபடி கேளுங்கள்.

உறையில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. மீதி உங்களுக்கான தாளில் இருக்கட்டும், அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். ஞாயிறு மறந்தால் செவ்வாய்க்குள் போடலாம். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு. காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை வலி, தோலில் காரணமில்லாத நீலம், புதிதாக வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி பேதி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு தொற்றுக்கோ யாராவது கோ-ட்ரைமாக்சசோல் எழுதினால், ‘மெத்தோட்ரெக்சேட் போடுகிறார்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜையை மோசமாகப் பாதிக்கும். வலி மாத்திரை கடையில் கேட்டு வாங்குவதும் வேண்டாம்.

மறுபடியும் ஒரு மாத்திரை கூடுதலாக உள்ளே போனது தெரிந்தால், போன மாதம் செய்த அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்ப்புண் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. அது வர சில நாள் பிடிக்கும், அதற்குள் அணுக்கள் இறங்க ஆரம்பித்திருக்கும். முறிவு மருந்து ஃபோலினிக் அமிலம். பெயர் ஒன்றுபோல் தோன்றினாலும் வீட்டில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அதற்கு ஈடாகாது. அதை இரண்டு மூன்று கூடப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். போகும்போது அந்த உறையையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கட்டத்தில் கோடு விழுந்திருக்கிறது, அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதைப் பார்த்தால், எவ்வளவு போனது என்று அங்கே இருக்கும் மருத்துவர் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார்.