திருத்தச் சாளரம் திறந்திருக்கும் மூன்று நாள்: குரூப் 4 விண்ணப்பக் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, விண்ணப்பத்துல தமிழ்வழியில படிச்சீங்களான்னு கேட்ட இடத்துல தெரியாம இல்லைன்னு போட்டுட்டேன். சான்றிதழ் சரிபார்ப்பு அப்போ சொன்னா போதுமா?

போதாது தம்பி. தமிழ்வழி 20 சதவீத ஒதுக்கீடு, சாதிப் பிரிவு, மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற விதவை மாதிரியான உரிமைகோரல் எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் இருப்பதைத்தான் டிஎன்பிஎஸ்சி பார்க்கும், விண்ணப்பத்தைத் திருத்த விடும் சாளரம் மூடிய பிறகு கையில் உண்மையான சான்றிதழே இருந்தாலும் புதிதாகக் கேட்க முடியாது. 2025 குரூப் 4-இல் விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24. திருத்தம் மே 29 முதல் 31 இரவு 11.59 வரை. நடுவில் நாலு நாள் இடைவெளி இருந்ததால் 25-ஆம் தேதியே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வழியில்லை என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் அறிவிக்கையில் அந்தத் தேதிகளைத் தேடி இப்போதே குறித்து வையுங்கள்.

மாற்றுவதற்கு முன் சான்றிதழ் கிடைக்குமா என்று பாருங்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி, ஆகவே ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

நான் ஒருமுறைப் பதிவான ஓடிஆர்-லயே பிறந்த தேதிய மாத்திட்டேன். விண்ணப்பத்துலயும் தானா மாறிடும், கவலையே வேண்டாம்.

பாதி சரி. இனிமேல் போடுகிற விண்ணப்பங்களுக்கு அது வரும். ஏற்கெனவே சமர்ப்பித்ததில் பழைய தேதி அப்படியேதான் நிற்கும். சாளர நாளில் முதலில் ஓடிஆர்-ஐத் திருத்தி, அப்புறம் அந்த விண்ணப்பத்தையும் திறந்து மாற்றிச் சமர்ப்பிக்க வேண்டும்.

போன முறை எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். தமிழ்வழி என்பதை 'ஆம்' என்று மாற்றியிருக்கிறாள், முன்னோட்டப் பக்கத்தில் சரியாகத் தெரிந்திருக்கிறது, செல்போனை மூடிவிட்டாள். மறுநாள் பிடிஎஃப்பை இறக்கிப் பார்த்தால் 'இல்லை' என்றே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இருந்த சமர்ப்பிக்கும் பொத்தானை அவள் அழுத்தவே இல்லை. நல்லவேளை, அது இரண்டாம் நாள்தான். அவளை உட்காரவைத்துத் திரும்பத் திருத்தி, புது பிடிஎஃப்பையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தோம். சரியாகிவிட்டதா என்பதற்கு வேறு அடையாளம் தேடாதீர்கள், புது பிடிஎஃப்பில் மாறியிருந்தால்தான் மாறியது. மூன்றாம் நாள் இரவு வரை தள்ளிப்போட்டால் இப்படிப் பார்த்துத் திருத்த நேரமே இருக்காது.

கட்டணச் சலுகைன்னு போட்டேன், ஆனா மூணு இலவச வாய்ப்பையும் முடிச்சிட்டேன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. மாத்தலாமா?

மாற்றுங்கள், 100 ரூபாய் தேர்வுக் கட்டணத்தையும் அந்த நாள்களுக்குள்ளேயே கட்டுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறைதான் இலவசம், பழைய விண்ணப்பங்களை எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு இப்போது சலுகை கேட்பவர்களுக்கு அது திரும்ப வராது.

சார், எனக்கு திருத்தத்துக்கு 200 ரூபாய் கேக்குது. டிஎன்பிஎஸ்சி பணம் வாங்குதா?

நீங்கள் பார்ப்பது மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி தளம். அங்கே முதல் திருத்தத்துக்கு 200, இரண்டாவதுக்கு 500, பெண்களும் எஸ்சி, எஸ்டி பிரிவினரும்கூடக் கட்ட வேண்டும். மூன்றாவது வாய்ப்பு இல்லை, ஆகவே பிழைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரே தடவையில் முடியுங்கள்.

அக்கா ஒருத்தங்க சாளரம் மூடினாலும் மனு போட்டா மாத்திடுவாங்கன்னு சொல்றாங்க. எனக்கு அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பு, சாளரம் நேத்தே மூடிடுச்சு.

அந்த அக்காவுக்கு மாறியிருக்கலாம், அதை நம்பி மற்றவர்கள் சாளரத்தை விட்டுவிடக் கூடாது. உங்களுடையது எழுத்துப்பிழை, சலுகை எதுவும் கேட்கவில்லை, அதனால் மனு எழுதிப் பாருங்கள். வருத்தம், குடும்பச் சூழல் எல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டாம். பதவியின் பெயர், விண்ணப்ப எண், பிழை, ஆதாரம், அவ்வளவுதான். இப்படி:

'என் விண்ணப்பத்தில் தந்தை பெயர் முருகேஷன் என்று பதிவாகியுள்ளது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முருகேசன் என்று உள்ளது. அதன் நகலும் விண்ணப்ப நகலும் இணைத்துள்ளேன். திருத்தம் செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'

அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்பதும் விடுவதும் தேர்வாணையத்தின் கையில். பதில் வராவிட்டாலும் தேர்வை எழுதுங்கள், சரிபார்ப்புக்கு அழைத்தால் அந்த நகல்களைக் கையோடு கொண்டு போங்கள்.

அண்ணா, பிரவுசிங் சென்டர்ல போட்டது, கடவுச்சொல் அவங்ககிட்டதான் இருக்கு. கடை பூட்டியிருக்கு.

ஓடிஆர்-இல் யாருடைய செல்போன் எண் பதிவாகியிருக்கிறது? உங்களுடையது என்றால் கடவுச்சொல்லை இப்போதே மாற்றிவிடலாம். கடைக்காரர் எண் என்றால் அவர் வீட்டைத் தேடிப் போங்கள், இன்றைக்கே.